உஷார்! கண்ணில் உமி விழுந்தால் தேய்க்காதீர்கள்

தை பிறந்துவிட்டது. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற சாலையில் கொள்ளுச் செடியைத் தாரின் மேல் பரப்பிப் போட்டுவிட்டார்கள். பென்னாகரம் பக்கத்து ஊர்களில் கேழ்வரகுக் கதிரும் வந்துவிட்டது. பேருந்தும் லாரியும் ஏறிப் போனால் மணி தானாக உதிரும். களம் இல்லாத ஏழை விவசாயிக்கு அதுதான் களம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் லாரிக்குப் பின்னால் எழும் அந்தப் பழுப்புப் புழுதிக்குள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி வண்டி ஓட்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. போன வருடம் எங்கள் மாமா அப்படிப் போய்த்தான் ஒரு கண்ணை இழக்கும் விளிம்புவரை போய்வந்தார்.

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். கண்ணில் ஏதோ விழுந்தது. வண்டியை ஓரம் கட்டி, புறங்கையால் அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. வீடு வந்து சேரும்வரை வழியெல்லாம் தேய்த்திருக்கிறார். அக்கா பார்த்தபோது வலது கண் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்துவிட்டார். "இப்படி வா சாமி, நாக்கால ஒரு தடவு தடவி எடுத்துடறேன்" என்றார். அந்தப் பாட்டி அப்படிப் பல பேருக்கு எடுத்தவர். மனசில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவர். அக்கா எப்படியோ தடுத்துவிட்டாள். ஆனால் அலமாரியில் கிடந்த பழைய சொட்டு மருந்தை அவளால் தடுக்க முடியவில்லை. எப்போதோ கண் சிவந்தபோது வாங்கியது. மாமா அதில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. "கண்ண மூடி அசையாம இருந்தா சும்மா இருக்கு, ஒரு தடவை சிமிட்டினா ஊசியால கீறுற மாதிரி இருக்கு" என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் பெயரே இருக்கிறது. சிமிட்டும்போது மட்டும் கீறினால், கீழே தேடிப் பயனில்லை. பொருள் மேல் இமையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

மேல் இமைக்குள் குருத்தெலும்பு போல விறைப்பான ஒரு தகடு உண்டு. இமை மடங்காமல் வளைவாக நிற்பது அதனால்தான். அதன் உள்பக்கத்தில், இமை ரோமம் முளைக்கும் விளிம்பிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் உள்ளே, விளிம்பை ஒட்டியே ஓடுகிற மெல்லிய பள்ளம் ஒன்று இருக்கிறது. கண்ணீரோடு மிதந்து வருகிற உமி, சொணை, மணல், பூச்சியின் சிறகு எல்லாம் இந்தப் பள்ளத்தில்தான் போய்ச் சொருகிக்கொள்கின்றன. சொருகிய பிறகு கண்ணீர் எவ்வளவு கொட்டினாலும் லேசில் வெளியே வராது. இமையோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது சிமிட்டுகிறோம். ஒரு மணி நேரத்தில் அது தொள்ளாயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த உமி கருவிழியின் மேல் ஒரு கோடு இழுக்கிறது. கருவிழியின் மொத்தத் தடிமனே நடுவில் அரை மில்லிமீட்டர்தான். இதற்கு மேலே நாம் விரலை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உப்புத்தாளைக் கண்ணாடியில் வைத்து அழுத்துவதும் அதுவும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மருத்துவர் மாமாவின் கண்ணில் ஒரு ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தோல் உரிந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும் சாயம் அது. கருவிழியின் மேல்பாதியில் செங்குத்தாக ஏழெட்டுக் கோடுகள், சீப்பால் வாரியது போல. அதைப் பார்த்த உடனே மருத்துவர் வேறெங்கும் தேடவில்லை. "கீழ பாருங்க" என்று சொல்லி, மேல் இமையைப் புரட்டினார். பள்ளத்தில் கொள்ளுத் தோலின் ஒரு துணுக்கு, கால் அரிசி அளவுகூட இல்லாதது. ஈரப் பஞ்சால் தொட்டார், வந்துவிட்டது. பத்து விநாடி வேலை. பதினாலு மணி நேரம் அது உள்ளே இருந்து அறுத்திருக்கிறது.

எடுத்ததோடு கதை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். மருத்துவரின் முகத்தில் பயமே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. "நேத்து என்ன சொட்டு விட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பாட்டிலைக் காட்டினோம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு.

வயலில் இருந்து வருகிற பொருள் சுத்தமான பொருள் அல்ல. உமியிலும் தாளிலும் காளான் வித்துகள் ஒட்டியிருக்கும். முழுசாக இருக்கிற கருவிழிக்குள் அவை நுழைய முடியாது. கீறல் விழுந்தால் அதுவே வாசல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து, 1997-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 65 பேருக்குப் புண் வருவதற்கு முன்னால் கண்ணில் ஏதோ ஒரு அடி அல்லது கீறல் பட்டிருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்க முடிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காரணம் காளான். மாதங்களைக் கவனியுங்கள்: நம் பக்கத்தில் சாலையில் கொள்ளு காய்கிற அதே காலம். ஸ்டீராய்டு சொட்டு சிவப்பையும் எரிச்சலையும் அடக்கும். கூடவே கண்ணின் காவலையும் அடக்கிவிடும். வலி குறைந்தது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே காளான் தடையில்லாமல் வேர் விடும். ஒரு வாரம் கழித்துக் கருவிழியில் வெள்ளையாக ஒன்று தெரியும். ஊரில் அதைத்தான் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்கிறார்கள். அந்தப் பூ ஆறினாலும் தழும்பு நிற்கும். அது நடுக் கண்ணில் விழுந்தால் அந்தக் கண்ணுக்குப் பார்வை போனதுதான்.

பாட்டியின் நாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாக்கில் வாயின் கிருமிகள் அத்தனையும் இருக்கின்றன. கீறல் உள்ள கண்ணில் அவற்றைத் தடவிக் கொடுப்பது எடுக்கப் போன உமியைவிடக் கெடுதல். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவானாலும் இதே கதைதான். இவற்றில் எதையும் கீறிய கண்ணில் விடாதீர்கள்.

சரி, கண்ணில் விழுந்த அந்த நிமிடம் என்ன செய்வது?

கையைக் கட்டிப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்; கண்ணுக்குப் போகக் கூடாது. வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணை மெதுவாக மூடி அரை நிமிடம் இருங்கள். கண்ணீர் தானாகச் சுரந்து பாதித் தூசியைக் கொண்டுவந்துவிடும். அதற்குப் பிறகும் உறுத்தினால் தண்ணீர். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் கையைக் கழுவிவிட்டு முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து முகத்தில் படார் படார் என்று அடித்துக்கொள்கிறார்கள். கண் உடனே இறுகி மூடிக்கொள்ளும். மேல் இமைக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகாது. குழாயை நேராகத் திறந்து வேகமாக அடிப்பதும், பம்புசெட்டுத் தண்ணீரில் முகத்தைக் காட்டுவதும் கூடாது. கிணறு, ஏரித் தண்ணீரில் கண்ணைத் தின்னும் ஒருவகை அமீபா இருக்கக்கூடும். கீறிய கண்ணுக்கு அது வேண்டாம். குடிக்கிற தண்ணீர் போதும். கொதித்து ஆறியது என்றால் இன்னும் நல்லது. மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் பாட்டில் எல்லாவற்றையும்விட நல்லது.

இன்னொருவர் உதவிக்கு இருந்தால் வேலை சுலபம். இருவரும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாதிக்கப்பட்டவர் உட்கார்ந்து, எந்தக் கண்ணோ அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்க்க வேண்டும். வலது கண் என்றால் வலது தோள் பக்கம். மூக்கு ஓரத்தில் ஊற்றினால் தண்ணீர் காது பக்கமாக வழிந்து போகும். அழுக்குத் தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகாது. சொம்பிலிருந்து நாலு விரல் உயரத்தில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். இங்கேதான் முக்கியம்: மேல் இமையின் ரோமத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, கண்ணிலிருந்து கொஞ்சம் முன்னால் தூக்கிக் காட்டுங்கள். அவரைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இமைக்கும் விழிக்கும் நடுவில் இடைவெளி திறந்து தண்ணீர் அந்தப் பள்ளம்வரை ஏறும். ஒரு டம்ளரோடு நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டராவது, ஐந்து நிமிடமாவது ஊற்றுங்கள். நடுநடுவே சிமிட்டச் சொல்லுங்கள்.

அதற்கும் போகவில்லையென்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. கீழே பார்த்தபடி மேல் இமையின் ரோமத்தைப் பிடித்து, இமையை முன்னால் இழுத்துக் கீழ் இமையின் மேல் போர்த்தி, ஒரு விநாடி வைத்து விடுங்கள். கீழ் இமை ரோமம் துடைப்பம் மாதிரி மேல் இமையின் உள்பக்கத்தைப் பெருக்கிவிடும். ஒன்றிரண்டு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் அதுவும் தேய்ப்பதுதான்.

இதற்குப் பிறகுதான் இமையைப் புரட்டுவது. இதைத் தனக்குத் தானே செய்துகொள்ள முயல வேண்டாம். கை நடுங்காத, கண் நன்றாகத் தெரிகிற இன்னொருவர், நல்ல வெளிச்சத்தில் செய்ய வேண்டும். அதுவும் விழுந்தது புழுதியோ உமியோதான் என்று உறுதியாகத் தெரிந்து, பார்வை பழையபடி தெளிவாக இருந்தால் மட்டும். உட்கார்ந்திருப்பவர் கண்ணை மூடாமல் தன் முழங்காலைப் பார்க்க வேண்டும். கடைசிவரை பார்வை கீழேயே இருக்க வேண்டும். மேலே பார்த்தால் இமை புரளாது. ஒரு கையால் இமை ரோமத்தைப் பிடித்துக் கீழாகவும் முன்னாலும் மெல்ல இழுங்கள். மறு கையால் புதிய இயர் பட்ஸ் ஒன்றை இமையின் வெளிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே, இமை மடிப்புக் கோட்டில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற தகட்டின் மேல் விளிம்பு அங்கேதான் முடிகிறது. பட்ஸை லேசாகக் கீழே தணித்து, அதே நேரத்தில் ரோமத்தை மேலே தூக்குங்கள். தகடு கதவு போல ஒரு சொடுக்கில் திரும்பிவிடும். விழியை நோக்கி அழுத்த வேண்டிய தேவையே இல்லை. வலிமையைக் காட்டினால்தான் புரளும் என்கிற நிலை வந்தால் இடம் தவறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு தடவை முயன்றும் திரும்பவில்லையா, விட்டுவிடுங்கள்.

பட்ஸை எடுத்துவிட்டு, ரோமத்தைப் புருவ எலும்போடு சேர்த்து மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். ரோஜா நிறத்தில் ஈரமான பரப்பு தெரியும். இப்போது மேலே இருக்கும் ரோம விளிம்பை ஒட்டித் தேடுங்கள். தெரிந்தால், சலைனில் நனைத்த இன்னொரு புதிய பட்ஸால் ஒரே ஒரு தடவை ஒற்றி எடுங்கள். உலர்ந்த பஞ்சு நூல் விடும். அது உள்ளே தங்கினால் இன்னொரு தொல்லை. ஊசி, பின், இடுக்கி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம். ஒற்றியும் வரவில்லை, குத்தி நிற்கிறது என்றால் கை வைக்காதீர்கள். ரோமத்தை விட்டு, அவரை மேலே பார்த்துச் சிமிட்டச் சொன்னால் இமை தானாகத் திரும்பிவிடும்.

உமி வெளியே வந்த பிறகும் 'இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு' என்று தோன்றும். கீறலே அப்படித்தான் உறுத்தும். ஒரு நாள்வரை இருக்கும். இல்லாத உமியைத் தேடித் திரும்பத் திரும்ப இமையைப் புரட்டித்தான் பலர் சின்னக் கீறலைப் பெரிதாக்குகிறார்கள்.

இனி, தொடவே கூடாத சமயங்கள். நம் தர்மபுரி மாவட்டத்தில் கல் குவாரியும் கிரானைட் பட்டறையும் வெல்டிங் கடையும் இருக்கின்றன. சுத்தியல், உளி, கிரைண்டர் என்று வேகமாகத் தெறிக்கிற வேலையில் கண்ணில் பட்டது என்றால் அதை உமிக் கணக்கில் சேர்க்காதீர்கள். தெறித்த சில்லு கருவிழியைத் துளைத்துக்கொண்டு உள்ளேயே போயிருக்கலாம். சில சமயம் வலியே இருக்காது. பார்வை மங்கியிருக்கிறதா, பாவை வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி போலக் கூம்பியிருக்கிறதா, கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா, அல்லது கறுப்பு விழியின் மேலேயே துகள் குத்தி நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இமையைப் புரட்டாதீர்கள், அழுத்தாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஓட்டையான கண்ணை அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கும். ஒரு காகிதக் கப்பைக் கண்ணில் படாமல் கவிழ்த்துச் சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, 108-ஐ அழையுங்கள். கண் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பட்டறையில் பின் நுனியால் எடுத்துவிடும் 'கைராசிக்காரர்' எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தயவுசெய்து கண்ணைக் கொடுக்காதீர்கள். சமீபத்தில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும், திமிறி அழும் குழந்தைக்கும் வீட்டில் இமையைப் புரட்ட வேண்டாம். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியின் ரோமம் பட்டிருந்தால் சுத்தமாகவே தேய்க்கக் கூடாது. அந்த ரோமத்துக்கு முள் உண்டு. தேய்க்கத் தேய்க்க உள்ளே நகரும்.

சுண்ணாம்பு மட்டும் இதற்கு நேர் எதிர். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி வெடித்துக் கண்ணில் பீய்ச்சிக்கொள்ளும். வெள்ளையடிக்கும்போதும் தெறிக்கும். அங்கே ஒரு விநாடி யோசிக்கக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரைத் தேடவும் கூடாது. கைக்கு எட்டிய தண்ணீரை உடனே ஊற்றத் தொடங்கி, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். சுண்ணாம்பு குழம்பாக மேல் இமைக்குள் அப்பிக்கொண்டு, முன்பக்கம் சுத்தமான பிறகும் உள்ளிருந்து எரித்துக்கொண்டே இருக்கும். அதனால் இமையை ரோமத்தால் தூக்கிப் பிடித்து, குழந்தையை நாலு பக்கமும் பார்க்க வைத்து உள்ளே ஊற்றுங்கள். தெரிகிற கட்டியை ஈரத் துணி முனையால் வழித்து எடுங்கள். வண்டியிலும் ஊற்றிக்கொண்டே போங்கள். மருத்துவமனையில் "சுண்ணாம்பு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர்கள் இமையைப் புரட்டி மிச்சத்தை எடுப்பார்கள்.

உமிக்குத் திரும்புகிறேன். நீங்களே எடுத்துவிட்டாலும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கண் கூசினால், நீர் வடிந்தால், கீறல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே காட்டிவிடுங்கள். நேபாளத்தின் பக்தபூரில் கிராமங்களில் கருவிழி கீறியவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பு போட்டு, ஆறுகிறதா என்று கவனித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து, இரண்டாம் நாளுக்குள் வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் புண் வந்துவிட்டது. ஒரே களிம்பு, ஒரே கீறல். வந்த நேரம்தான் வேறு. 'நாளைக்குச் சந்தைக்குப் போகும்போது பார்த்துக்கலாம்' என்பதன் விலை அது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக முடியாத தூரத்தில் இருந்தால் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் அரசு மருத்துவமனைகளில் கேளுங்கள். அங்கே கண் பார்ப்பவர் அன்று இல்லையென்றால் எங்கே போக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள். என்ன விழுந்தது, எப்போது விழுந்தது, என்ன சொட்டு விட்டீர்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டை மருத்துவர் பரிசோதனைக்காக விடுவார், வலி பறந்துவிடும். அதை வீட்டுக்குக் கேட்காதீர்கள். அது கீறலை ஆற விடாது.

மாமாவுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சொட்டு எழுதிக் கொடுத்து, பழைய பாட்டிலைக் குப்பையில் போடச் சொன்னார் மருத்துவர். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரச் சொன்னார். அக்காவிடம் தனியாக ஒன்று சொல்லி அனுப்பினார்: காலையும் மாலையும் ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, கறுப்பு விழியில் கடுகளவு வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா, பீளை கட்டுகிறதா, வலி குறைந்து திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். காளான் மெதுவாக வரும் என்பதால் இதை இரண்டு வாரம் செய்யச் சொன்னார். அக்கா பதினாலு நாளும் பார்த்தாள், ஒரு வேளை விடாமல்.

சாலையில் கொள்ளு இன்னும் இருபது நாளுக்காவது கிடக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, லாரியை விட்டுத் தள்ளி ஓட்டுங்கள்.